மேலாளர் முன்னால் இரண்டு படங்கள்: ஆர்ஓசி வளைகோடும் கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸும் குழப்பும்போது

சிங்கப்பூரில் வீவக புளோக்குகளின் மின்தூக்கிகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அதன் பொறுப்பில் 1,000 மின்தூக்கிகள். மாதாந்தரப் பராமரிப்பு எப்படியும் நடக்கும். அதற்கு மேல், இந்த வாரம் எது பழுதாகி நிற்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆள் அனுப்பிப் பார்த்துவிடலாம் அல்லவா? அதற்காக ஒரு மாடல். கதவு எத்தனை முறை திறந்து மூடியது, மோட்டார் எவ்வளவு சூடானது, முன்பு எப்போது பழுதானது என்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் ஒவ்வொரு மின்தூக்கிக்கும் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் போடும்.

பயிற்சியின்போது மாடல் பார்க்காத 10 வாரத் தரவில் அதைச் சோதிக்கிறோம். 1,000 மின்தூக்கி, 10 வாரம், ஆக 10,000 வரிகள். அவற்றில் 200 வரிகளில்தான் உண்மையாகவே பழுது நடந்திருக்கிறது, அதாவது வாரத்துக்கு 20. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை நானே உருட்டி வைத்திருக்கிறேன். ஆனால் விகிதங்கள் இப்படித்தான் இருக்கும்: பழுது அரிது, நல்ல நிலையில் இருப்பவை ஏராளம்.

எதிரே உட்கார்ந்திருக்கும் மேலாளர் தொழில்நுட்பராக இருந்து மேலே வந்தவர். மின்தூக்கி ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். புள்ளியியல் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஒரு வீண் பயணம் என்ன செலவு, ஒரு தாத்தா 14வது மாடிக்கும் 15வது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் நகர மன்றத்திலிருந்து என்ன தொலைபேசி வரும் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு படங்களையும் அந்தக் கணக்கில் பேச வைப்பதுதான் நம் வேலை. கீழே உள்ள ஒவ்வொரு தலைப்பும் கூட்டத்தில் தெரியும் அறிகுறி. காரணமும் தீர்வும் அதன் கீழே.

அறிகுறி: "தம்பி, 98 விழுக்காடு சரின்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் வாரா வாரம் இத்தனை லிஃப்ட் நிக்குது?"

முதல் ஸ்லைடில் துல்லியம் 98.2 விழுக்காடு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும். கேள்வி நியாயமானதும்கூட.

வழக்கம்போல மதிப்பெண் 0.5-ஐத் தாண்டினால் "பழுதாகும்" என்று எடுத்துக்கொள்கிறோம்; இந்த 0.5-தான் வரம்பு. அப்போது மாடல் 100 முறை எச்சரிக்கிறது. அதில் 60 முறை உண்மையிலேயே பழுது, 40 முறை வீண் எச்சரிக்கை. பழுதான 200-இல் 60 போக மீதி 140-ஐத் தவறவிட்டுவிட்டது. ஒன்றும் ஆகாத 9,800-இல் அந்த 40 போக 9,760-ஐச் சரியாக விட்டுவிட்டது. 60-ஐயும் 9,760-ஐயும் கூட்டினால் 9,820. அதை 10,000-ஆல் வகுத்தால் 98.2 விழுக்காடு.

இப்போது மாடலைத் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லா மின்தூக்கியும் எல்லா வாரமும் நன்றாகவே ஓடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள். 9,800 முறை நீங்கள் சொன்னது சரியாக இருக்கும். 98.0 விழுக்காடு! பல வாரம் உழைத்துச் செய்த மாடலுக்கும் ஒன்றுமே செய்யாததற்கும் வித்தியாசம் 0.2. அந்தப் பெரிய எண் மாடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிங்கப்பூரின் மின்தூக்கிகள் பொதுவாக நன்றாக ஓடுகின்றன என்றுதான் சொல்கிறது.

அந்த எண்ணை எடுத்துவிட்டு நான்கு கட்டங்களைப் போடுங்கள். கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் என்பது அந்த நான்கு கட்டங்கள்தான். கட்டத்தின் பெயர்களை மேலாளர் பேசும் மொழியில் எழுதுங்கள்: முன்பே பிடித்தது 60, தவறவிட்டது 140, வீண் பயணம் 40, போக வேண்டாம் என்று சரியாக விட்டது 9,760. ட்ரூ பாசிட்டிவ், ஃபால்ஸ் நெகட்டிவ் என்று போட்டால், அவர் ஒவ்வொரு முறையும் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது ஸ்லைடுக்குள் அலுத்துவிடுவார்.

அறிகுறி: மேட்ரிக்ஸில் ஒரு மூலை மட்டும் பளிச்சென்று மஞ்சள், மற்ற மூன்றும் ஒரே கரும் ஊதா

சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகம் நாம் எதுவும் சொல்லாவிட்டால் `viridis` என்ற நிறத்தொகுப்பை எடுத்துக்கொள்ளும். சிறிய எண்ணுக்குக் கரும் ஊதா, பெரிய எண்ணுக்கு மஞ்சள். 9,760-க்குப் பக்கத்தில் 40, 60, 140 எல்லாமே பூஜ்ஜியம் மாதிரிதான். எனவே மூன்றும் ஒரே நிறத்தில் கரைந்துபோகும். மேலாளரின் கண் மஞ்சள் கட்டத்துக்குப் போகும். அவர் பார்க்கத் தேவையே இல்லாத கட்டம் அது ஒன்றுதான்.

நிறத்தை வரிசை வாரியான விழுக்காட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும்:

```python
from sklearn.metrics import ConfusionMatrixDisplay

score = model.predict_proba(X_test)[:, 1]
y_pred = (score >= 0.5).astype(int)

ConfusionMatrixDisplay.from_predictions(
    y_test, y_pred,
    normalize="true", values_format=".1%",
    cmap="Blues", colorbar=False)
```

`normalize="true"` என்றால் ஒவ்வொரு வரிசையையும் அந்த வரிசையின் கூட்டுத்தொகையால் வகுக்கச் சொல்கிறோம். நல்ல மின்தூக்கிகளின் வரிசை 99.6, 0.4 என்று ஆகும். பழுதானவற்றின் வரிசை 70.0, 30.0 என்று ஆகும். பழுதானவற்றில் பத்தில் ஏழைத் தவறவிடுகிறோம் என்பது இப்போது கண்ணில் அறைகிறது. முதல் ஸ்லைடிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

ஆனால் இங்கேயே நின்றுவிடக் கூடாது. வரிசை விழுக்காடு மட்டும் போட்டால் வேறொன்று மறைந்துவிடும். 0.4 என்று பார்த்தால் வீண் பயணமே இல்லாத மாதிரி இருக்கிறது. உண்மையில் அது 40 பயணம், நாம் போன 100-இல் 40. "போனவற்றில் எத்தனை உண்மை" என்பதை வரிசையைக் கொண்டு படிக்க முடியாது, நெடுவரிசையைக் கூட்டினால்தான் வரும். எனவே நிறத்துக்கு விழுக்காட்டையும், கட்டத்துக்குள் எழுதுவதற்கு எண்ணிக்கையையும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை பெரிய எழுத்தில், விழுக்காடு அதன் கீழே சிறிய எழுத்தில். இதற்குத் தனிக் கட்டளை கிடையாது. `values_format`-க்கு வெற்றாகக் கொடுக்க முடியாது என்பதால் `include_values=False` போட்டுவிட்டு, `ax.text` கொண்டு நான்கு கட்டத்திலும் நீங்களே எழுதிவிடுவது சுலபம்.

அறிகுறி: தவறவிட்டதும் வீண் பயணமும் இடம் மாறிவிட்டன

மேலாளர் ஒரு வாரம் ஒரு மாதிரியும் அடுத்த வாரம் வேறு மாதிரியும் படிக்கிறார், அல்லது வேறொரு குழுவின் ஸ்லைடோடு ஒப்பிட்டு "உங்களுடையது தலைகீழாக இருக்கிறதே" என்கிறார். சைகிட்-லேர்னில் வரிசை என்பது நடந்தது, நெடுவரிசை என்பது மாடல் சொன்னது. சில பாடநூல்களும் சில மென்பொருள்களும் இதைத் திருப்பிப் போடும். இரண்டும் தப்பில்லை. கலந்துவிட்டால்தான் ஆபத்து. நம் எடுத்துக்காட்டில் 140-ம் 40-ம் இடம் மாறினால், பாதிக்கு மேல் தவறவிடும் மாடல், பாதிக்கு மேல் வீணாக அலையவிடும் மாடலாகத் தெரியும். இரண்டுக்கும் எடுக்க வேண்டிய முடிவு நேர் எதிர்.

சோதிக்க ஒரு வழி போதும். பழுது எத்தனை நடந்தது என்பது மாடலுக்கு வெளியே, பழுதுப் பதிவேட்டில் இருக்கும். அது 200. எந்தத் திசையில் கூட்டினால் 200 வருகிறதோ அந்தத் திசைதான் "நடந்தது". 60-ஐயும் 140-ஐயும் கூட்டினால் 200. 60-ஐயும் 40-ஐயும் கூட்டினால் 100, அது நாம் அனுப்பிய எச்சரிக்கை. படத்தின் ஓரத்தில் இந்தக் கூட்டுத்தொகைகளையும் அச்சிட்டுவிட்டால் அப்புறம் யாரும் குழம்ப மாட்டார்கள்.

அறிகுறி: ஆர்ஓசி வளைகோடு வளையவே இல்லை, ஒரே ஒரு முழங்கையோடு இரண்டு நேர்கோடுகள்

ஆர்ஓசி என்ற பெயர் இரண்டாம் உலகப் போர்க்கால ரேடார் வேலையிலிருந்து வந்தது. திரையில் தெரியும் புள்ளி விமானமா வெறும் இரைச்சலா என்று இயக்குபவர் முடிவுசெய்ய வேண்டும். கொஞ்சம் பயந்தவராக இருந்தால் எல்லாவற்றுக்கும் மணி அடிப்பார், துணிந்தவராக இருந்தால் சிலவற்றைத் தவறவிடுவார். அந்தப் பயத்தை 0 முதல் 1 வரை நகர்த்திக்கொண்டே போய், ஒவ்வொரு இடத்திலும் எத்தனை பிடித்தோம், எத்தனை வீணாயிற்று என்று புள்ளி வைத்தால் கிடைப்பதுதான் இந்தக் கோடு.

வரம்பை நகர்த்த வேண்டுமென்றால் மதிப்பெண் வேண்டும். ஆம், இல்லை என்ற முடிவை மட்டும் கொடுத்தால் நகர்த்துவதற்கு ஒன்றும் இருக்காது. ஒரே ஒரு புள்ளிதான் கிடைக்கும், கோடு அங்கே முழங்கையாக மடங்கும்.

```python
from sklearn.metrics import RocCurveDisplay

RocCurveDisplay.from_predictions(y_test, model.predict(X_test))  # தவறு
RocCurveDisplay.from_predictions(y_test, score)                  # சரி
```

படம் அசிங்கமாக இருப்பதோடு போகாது. கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பான ஏயூசியும் தப்பாக வரும். நம் எண்களில் தவறான வரி 0.65 என்று காட்டும், சரியான வரி 0.92 என்று காட்டும். மேலாளர் 0.65-ஐப் பார்த்துத் திட்டத்தையே மூடிவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதே இடத்தில் இன்னொன்று. கோடு மூலைவிட்டத்துக்குக் கீழே தொங்கி, ஏயூசி 0.08 என்று வந்தால் பதற வேண்டாம். 1-லிருந்து கழித்துப் பாருங்கள், 0.92. மாடல் நன்றாகத்தான் இருக்கிறது, நாம்தான் வேறு நெடுவரிசையை எடுத்திருக்கிறோம். பெயர்களை `fault`, `ok` என்று எழுத்தாக வைத்திருந்தால் சைகிட்-லேர்ன் அகரவரிசையில் அடுக்கும். அப்போது `[:, 1]` என்பது `ok`-இன் மதிப்பெண். `model.classes_` என்று ஒருமுறை அச்சிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: "கோடு அழகா இருக்கு, 0.92-ங்கிறீங்க. ஆனா என் பசங்க நாலு இடத்துக்குப் போனா மூணு இடத்துல ஒன்னுமே இல்லையாம்!"

எனக்குத் தெரிந்து கூட்டங்களில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான். மேலாளருக்கு நாம் பொய் சொல்கிறோமோ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. நமக்கோ தொழில்நுட்பர்கள் சரியாகப் பார்க்கவில்லையோ என்று தோன்றுகிறது. இருவருமே சரி, வகுத்த எண்தான் வேறு.

வரம்பை 0.2-க்கு இறக்கிவிட்டோம் என்று கொள்வோம். பழுதான 200-இல் 130-ஐப் பிடிக்கிறோம், 65 விழுக்காடு. வீண் எச்சரிக்கை 370. ஆர்ஓசியின் கிடை அச்சு இந்த 370-ஐ எதனால் வகுக்கிறது? நல்ல நிலையில் இருந்த 9,800-ஆல். விடை 3.8 விழுக்காடு. படத்தில் புள்ளி இடது ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு பிரமாதமாகத் தெரியும். தொழில்நுட்பர் அதே 370-ஐ எதனால் வகுக்கிறார்? தான் போன 500 இடங்களால். விடை 74 விழுக்காடு. நாலில் மூன்று வீண் என்று அவர் சொன்னது அப்படியே சரி.

நல்ல மின்தூக்கிகள் மலைபோல இருப்பதால், அதில் மிகச் சின்ன பங்கு தவறினாலும் அரிதான பழுதுகளை அது மூழ்கடித்துவிடும். ஆர்ஓசி இதைக் காட்டாது. பழுது அரிதா, அடிக்கடி வருமா என்பதே அதன் இரண்டு அச்சுகளிலும் இல்லை. அடுத்த ஆண்டு பழைய மின்தூக்கிகளை மாற்றியதால் வாரத்துக்கு 20 பழுது 10-ஆகக் குறைந்தது, மாடலின் திறமை மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்ஓசி கோடு அப்படியே இருக்கும். ஆனால் போன இடங்களில் உண்மையான பழுது 26 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். படத்தில் எதுவும் மாறாமல், வேன் ஓட்டுபவர்களின் எரிச்சல் மட்டும் ஏறும்.

அப்படியானால் 0.92 என்பதுதான் என்ன? பழுதான ஒரு மின்தூக்கியையும் பழுதாகாத ஒன்றையும் குருட்டாம்போக்கில் எடுங்கள். பழுதானதற்கு மாடல் அதிக மதிப்பெண் கொடுத்திருக்க 92 விழுக்காடு வாய்ப்பு. அவ்வளவுதான். வரிசைப்படுத்தும் திறமைக்கான அளவு அது. எத்தனை பேரை எங்கே அனுப்புவது என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. மேலாளரிடம் "92 விழுக்காடு சரி" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், முதல் அறிகுறிக்கே திரும்பிப் போய்விடுவோம்.

இங்கே செய்ய வேண்டியது, ஆர்ஓசியின் மீது மூன்று புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் மேட்ரிக்ஸை வாரக் கணக்காக மாற்றிக் காட்டுவது. ஒரு கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ் என்பது ஆர்ஓசி கோட்டில் ஒரே ஒரு புள்ளி. இந்த உறவைக் காட்டினாலே இரண்டு படங்களும் சண்டை போடுவது நின்றுவிடும்.

```python
d = RocCurveDisplay.from_predictions(y_test, score)
points = [(0.004, 0.30, "0.5"), (0.038, 0.65, "0.2"), (0.115, 0.85, "0.08")]
for x, y, t in points:
    d.ax_.plot(x, y, "o")
    d.ax_.annotate(t, (x, y))
```

படத்துக்குக் கீழே இந்த அட்டவணை, ஒரு வாரத்துக்கு:

| வரம்பு | போக வேண்டிய இடம் | உண்மைப் பழுது | வீண் பயணம் | தவறவிட்டது |
|---|---|---|---|---|
| 0.5 | 10 | 6 | 4 | 14 |
| 0.2 | 50 | 13 | 37 | 7 |
| 0.08 | 130 | 17 | 113 | 3 |

இதைப் பார்த்ததும் மேலாளர் தானாகவே பேச ஆரம்பிப்பார். "என்கிட்ட ரெண்டு டீம்தான் சும்மா இருக்கு. ஒரு நாளைக்கு டீமுக்கு அஞ்சு லிஃப்ட். அஞ்சு நாள், அம்பது." வரம்பை நாம் தேர்ந்தெடுக்கவில்லை, அவருடைய ஆள் பலம் தேர்ந்தெடுத்துவிட்டது.

அவர் தயங்கினால் புள்ளிக்குப் புள்ளி தாவும்போது கூடுதலாக என்ன ஆகிறது என்று கேளுங்கள். 10 இடத்திலிருந்து 50 இடத்துக்குப் போனால் 40 பயணம் கூடுகிறது, 7 பழுது கூடுதலாகப் பிடிபடுகிறது. ஒரு பழுதுக்கு ஏறக்குறைய 6 பயணம். 50-லிருந்து 130-க்குப் போனால் 80 பயணம் கூடி 4 பழுதுதான் பிடிபடுகிறது. ஒரு பழுதுக்கு 20 பயணம். ஆர்ஓசி கோடு வலப்பக்கம் போகப் போகச் சரிந்து படுப்பதன் பொருள் இதுதான். 6 பயணம் தாங்கும், 20 தாங்காது என்று சொல்ல அவருக்குப் பட்டம் எதுவும் வேண்டாம்.

வீண் பயணம் 37 என்பது அவருக்கு இன்னும் உறுத்தினால் ஓர் ஒப்பீட்டை வையுங்கள். மாடல் இல்லாமல் 1,000-இல் கண்ணை மூடிக்கொண்டு 50-ஐத் தேர்ந்தெடுத்தால் எத்தனை பழுது கிடைக்கும்? நூறில் இரண்டு என்ற கணக்கில், ஒன்று. மாடல் சொல்லும் 50-இல் 13. நாலில் மூன்று வீண் என்பது மோசமாகக் கேட்டாலும் பதின்மூன்று மடங்கு நல்ல பட்டியல்.

ஒரு சின்ன எச்சரிக்கை. 0.2 என்பதை "20 விழுக்காடு பழுதாகும் வாய்ப்பு" என்று வாய் தவறியும் சொல்ல வேண்டாம். பழுது அரிது என்பதற்காக மாடலைப் பயிற்றும்போது `class_weight="balanced"` போட்டிருந்தால் மதிப்பெண்கள் எல்லாமே மேலே தள்ளப்பட்டிருக்கும். வரிசை சரியாக இருக்கும், எண்ணை வாய்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. மேலாளருக்கு வரம்பையே காட்டாமல் "மேலிருந்து 50" என்று பட்டியலாகக் கொடுத்துவிடுவது என் பழக்கம்.

அறிகுறி: "பழைய லிஃப்ட் நிக்கும்னு சொல்ல மாடல் எதுக்கு? அது எனக்கே தெரியுமே"

நல்ல மேலாளர் கேட்கும் கேள்வி. பதில் தெரியாமல் கூட்டத்துக்குப் போகாதீர்கள்.

சிங்கப்பூரில் ஒரே நிறுவனத்தின் பொறுப்பிலேயே வெவ்வேறு வயது மின்தூக்கிகள் இருக்கும். 2001-இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தில் எல்லா மாடியிலும் நிற்கும்படி பழைய புளோக்குகளுக்குப் போட்டவை ஒரு பக்கம், புதிய பிடிஓ புளோக்குகளின் மின்தூக்கிகள் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே ஆர்ஓசியில் போட்டால், பழையதற்கு அதிக மதிப்பெண், புதியதற்குக் குறைந்த மதிப்பெண் என்று கொடுத்தாலே ஏயூசி எக்கச்சக்கமாக ஏறிவிடும். ஏயூசி இணை இணையாக ஒப்பிடுகிறது என்று மேலே பார்த்தோம். பழுதான ஒரு பழையதையும் பழுதாகாத ஒரு புதியதையும் ஒப்பிடும் இணைகள் ஏராளமாக இருக்கும், அவை எல்லாம் சுலபமான இணைகள். மேலாளர் கேட்பதோ பழையதற்குள் எது என்று.

எனவே குழு குழுவாகப் பிரித்துக் கணக்கிடுங்கள்:

```python
from sklearn.metrics import roc_auc_score

for g in ["old", "new"]:
    m = (lift_group == g)
    print(g, roc_auc_score(y_test[m], score[m]))
```

மொத்தமாக 0.92 என்றிருந்தது பழையதற்குள் மட்டும் பார்த்தால் 0.7-க்கு இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். மேலாளருக்குக் காட்ட வேண்டிய கோடு அந்த 0.7 கோடுதான். புதிய குழுவில் பழுது ஐந்தோ ஆறோதான் இருக்கிறது என்றால் அதற்குக் கோடு வரையவே வேண்டாம். ஒவ்வொரு பழுதும் ஒரு பெரிய படிக்கட்டாக நிற்கும், ஒன்று இடம் மாறினாலும் படம் மொத்தமாக மாறிவிடும்.

அறிகுறி: கோடு இடது மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு ஏயூசி 0.99

கொண்டாடுவதற்கு முன் தரவைத் துருவுங்கள். மின்தூக்கித் தரவில் இரண்டு இடங்களில் கசிவு வரும். முதலாவது, பழுதுக்குப் பிறகு எழுதப்பட்ட தகவல் முன்பே தெரிந்தது போல உள்ளே நுழைவது. "கடைசியாக மாற்றிய உதிரிபாகம்" என்ற நெடுவரிசை, பழுதை சரிசெய்த அன்று நிரப்பப்பட்டது என்றால் அது விடைத்தாள். இரண்டாவது, பயிற்சிக்கும் சோதனைக்குமான எல்லா வரிகளையும் `train_test_split` கொண்டு கலைத்துப் பிரிப்பது. ஒரே மின்தூக்கியின் 3வது, 5வது வாரங்கள் பயிற்சியிலும் நடுவில் உள்ள 4வது வாரம் சோதனையிலும் போனால் மாடல் அந்த மின்தூக்கியையே மனப்பாடம் செய்துகொள்ளும். தேதியை வைத்துப் பிரியுங்கள்: முந்தைய மாதங்களில் பயிற்சி, பிந்தைய வாரங்களில் சோதனை. ஏயூசி 0.99-லிருந்து 0.85-க்கு விழுந்தால் விழட்டும். வேன் ஓடப்போவது அந்த 0.85-இல்தான்.

அறிகுறி: படத்தில் தமிழ் எழுத்துகள் எல்லாம் வெறும் கட்டங்களாக வருகின்றன

மேலாளருக்கு ஆங்கில ஸ்லைடே போதும். ஆனால் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் தொழில்நுட்பர்களுக்குக் காட்டும்போது, பாதிப் பேர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களாக இருந்தால், "முன்பே பிடித்தது", "வீண் பயணம்" என்று தமிழில் போட்டால் நல்ல பலன் இருக்கும். படம் வரையும் நூலகமான மேட்பிளாட்லிப் இயல்பாக எடுக்கும் `DejaVu Sans` எழுத்துருவில் தமிழ் கிடையாது, அதனால்தான் கட்டங்கள். `Noto Sans Tamil` எழுத்துருவை நிறுவிப் பெயரைக் கொடுத்தால் எழுத்து வரும். ஆனாலும் பல பதிப்புகளில் கொம்பும் காலும் இடம் மாறி, ‘பெ’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையை அந்தப் பதிப்புகள் செய்வதில்லை. அதோடு மல்லுக்கட்டாமல், கட்டங்களையும் எண்களையும் மட்டும் படமாகச் சேமித்து, பெயர்களைப் பவர்பாயிண்டில் எழுத்துப் பெட்டிகளாக மேலே வைத்துவிடுங்கள். படத்தை மறுபடி வரைய நேர்ந்தால் கட்டங்களின் அளவு மாறாமல் இருக்க `figsize`-ஐ ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், பெட்டிகளை நகர்த்தும் வேலை மிச்சம்.